ஸ்கிராப் விற்ற பணத்தை எங்கே வரவு வைப்பது: அந்தந்தப் பணியிலா, மேற்செலவிலா?

"கோயம்புத்தூரில் ஆர்டர் எடுத்துப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் மெஷின் ஷாப் நடத்துகிறோம். பித்தளை, இரும்பு இரண்டும் ஓடுகிறது. ஸ்கிராப் விற்கும் பணத்தை இதுவரை 'இதர வருமானம்' என்று எழுதி வந்தோம். உற்பத்திச் செலவில் கழிக்க வேண்டும் என்று ஆடிட்டர் சொல்கிறார். அந்தந்த ஜாப்பில் கழிப்பதா, மொத்தமாக ஓவர்ஹெட்டில் கழிப்பதா?"

உங்கள் ஆடிட்டர் சொல்வது சரி. எங்கே கழிப்பது என்பதற்கு, பற்று எழுதிய இடத்திலேயே வரவும் எழுத வேண்டும் என்பதை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பணிக்கு ராடின் முழு எடையையும் பற்று எழுதியிருந்தால், அந்த ராடிலிருந்து கழிந்த தூளின் மதிப்பும் அந்தப் பணிக்கே சேர வேண்டும். அப்படிச் சேர்ப்பதற்கு ஆகும் உழைப்பு, கிடைக்கும் தொகையை விட அதிகமாகிவிடும் இடத்தில் மட்டும்தான் மேற்செலவில் கழிப்பதற்கு நியாயம் உண்டு. ஆகவே பித்தளை ஸ்கிராப்பைத் தவறாமல் பணியில் வரவு வையுங்கள். இரும்புக்கு வேறு வழி போதும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பித்தளையில் இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது ஒரு பணியின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும். 48 மி.மீ. வெளி விட்டமும் 30 மி.மீ. உள் விட்டமும் 60 மி.மீ. நீளமும் உள்ள பித்தளை புஷ் 500 செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 50 மி.மீ. ராடில், அறுக்கும் இடத்துக்கும் முகம் சீவுவதற்கும் சேர்த்துப் புஷ் ஒன்றுக்கு 65 மி.மீ. நீளம் போகும். பித்தளையின் அடர்த்தியைக் கன செ.மீ.க்கு 8.5 கிராம் என்று எடுத்தால், ஒரு புஷ்ஷுக்குப் போகும் ராடின் எடை ஏறக்குறைய 1,085 கிராம். முடிந்த புஷ்ஷின் எடை 562 கிராம். அதாவது நாம் காசு கொடுத்து வாங்கிய பித்தளையில் கிட்டத்தட்டப் பாதி, தூளாகத் தட்டில் விழுகிறது. கனத்த சுவர் இல்லாத எந்தப் புஷ்ஷுக்கும், ராடிலிருந்து துளையிட்டுச் செய்யும் எந்த ஃபிட்டிங்குக்கும் இதுதான் நிலைமை.

ஸ்டோரிலிருந்து இந்தப் பணிக்கு 560 கிலோ ராடு கொடுக்கப்பட்டது. முடிந்த 500 புஷ்ஷின் எடை 281 கிலோ. மீதி வந்த ராடு முனைகள் 17 கிலோ. தட்டிலிருந்து அள்ளி எடை போட்ட தூள் 254 கிலோ. எஞ்சிய 8 கிலோவுக்குப் பொருளாக எதுவும் கையில் இல்லை. அது கூலண்ட்டோடு போனது, தரையில் சிதறியது, பெருக்கித் தள்ளியது எல்லாம் சேர்ந்த விரயம். இந்த 8 கிலோவுக்குத் தனியாகக் கணக்கு எழுத வேண்டியதில்லை. அதன் விலை, நல்ல புஷ்களின் செலவிலேயே கலந்து நிற்கும்.

விலைகளைக் கணக்கு காட்டுவதற்காகவே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் விலைகளைப் போட்டுப் பாருங்கள். ஜிஎஸ்டி நீங்கலாக ராடு கிலோ 620 ரூபாய், தூள் 400 ரூபாய், ராடு முனை 430 ரூபாய். பணியில் பற்று எழுதிய பொருள் 3,47,200 ரூபாய். மெஷின் நேரம் புஷ்ஷுக்கு 6 நிமிடம் வீதம் 50 மணி. மணிக்கு 700 ரூபாய் என்றால் 35,000 ரூபாய். ஆக மொத்தம் 3,82,200 ரூபாய். ஸ்கிராப்பைக் கழிக்காவிட்டால் புஷ் ஒன்றின் செலவு 764 ரூபாய் 40 காசு. தூளும் முனையும் சேர்ந்த மதிப்பான 1,08,910 ரூபாயைப் பணியில் கழித்தால், மொத்தச் செலவு 2,73,290 ரூபாய். புஷ் ஒன்றுக்கு 546 ரூபாய் 58 காசு. ஒரே புஷ், ஒரே ராடு, ஒரே மெஷின். எழுதும் இடம் மாறியதால் மட்டும் ஒரு புஷ்ஷுக்கு 218 ரூபாய் வித்தியாசம்.

இதே தொகையை மேற்செலவில் கழித்தால் என்ன ஆகும்? ஷாப்பில் மாதத்துக்கு மொத்தம் 1,200 மெஷின் மணி ஓடுகிறது என்று கொள்வோம். 1,08,910 ரூபாயை மேற்செலவிலிருந்து கழித்தால் மணி வீதம் சுமார் 91 ரூபாய் குறையும். அந்தக் குறைப்பில் புஷ் பணிக்குக் கிடைப்பது, அதன் 50 மணிக்கான ஏறக்குறைய 4,540 ரூபாய்தான். அதே மாதத்தில் வாடிக்கையாளர் கொடுத்த வார்ப்புகளை வெறும் கூலிக்குக் கடையும் ஒரு பணி 400 மணி ஓடியிருந்தால், அந்தப் பணிக்கு 36,300 ரூபாய் தள்ளுபடி கிடைத்துவிடும். அந்தப் பணிக்கும் பித்தளைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பித்தளைப் பணி ஈட்டிக் கொடுத்த பணத்தில் கூலிப் பணி மலிவாகத் தெரிகிறது. பித்தளைப் பணியோ புஷ் ஒன்றுக்கு 755 ரூபாய் ஆவதாகத் தெரிகிறது. மெஷின் அதிக நேரம் ஓடினால்தான் ஸ்கிராப் அதிகம் வரும் என்பதில்லை. ஸ்கிராப்பின் மதிப்பு உலோகத்தின் விலையையும் கழிக்கும் எடையையும் பொறுத்தது. அதை மணி வீதத்தில் கரைப்பது, தொடர்பில்லாத ஒன்றைக் கொண்டு பங்கு பிரிப்பதாகும்.

இது ஏட்டோடு முடிகிற விஷயம் அல்ல. பெரிய தொழிற்சாலைகளின் கொள்முதல் பிரிவுகள் விலைப்புள்ளி கேட்கும்போதே மொத்த எடை, நிகர எடை, ஸ்கிராப் எடை, ஸ்கிராப் விலை என்று தனித்தனியாகப் பிரித்துக் கேட்கின்றன. ஸ்கிராப்புக்கான தொகையை அவர்களே பொருள் விலையிலிருந்து கழித்துத்தான் உங்கள் விலையை முடிவு செய்கிறார்கள். புஷ் ஒன்றுக்கு 620 ரூபாய் கொடுக்கச் சம்மதிப்பார்கள். ஸ்கிராப்பைப் பணியில் கழித்து எழுதியிருந்தால், 73 ரூபாய் மிஞ்சுகிற நல்ல ஆர்டர் என்று உங்களுக்குத் தெரியும். மேற்செலவிலோ இதர வருமானத்திலோ எழுதியிருந்தால், புஷ்ஷுக்கு 135 ரூபாயிலிருந்து 144 ரூபாய் வரை நஷ்டம் என்று உங்கள் ஜாப் ஷீட் சொல்லும். லாபமுள்ள பித்தளை ஆர்டரைக் கைவிட்டு, மணி வீதம் குறைந்து தெரிகிற கூலிப் பணிகளைக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டு போகும் ஷாப்களைப் பார்த்திருக்கிறேன். ஆர்டர் போனதற்குப் போட்டியைக் காரணம் சொல்வார்கள். காரணம் அவர்கள் ஏட்டிலேயே இருக்கிறது.

இனி இரும்பு. ஈஎன்8, எம்எஸ் போன்றவற்றில் ஷாஃப்ட்டும் ஃபிளாஞ்சும் மாதத்துக்கு நாற்பது பணி ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், பெரும்பாலான பணிகளில் கழியும் சுருள் சில பத்துக் கிலோதான். 20 கிலோ சுருளை 28 ரூபாய்க்கு விற்றால் 560 ரூபாய். அதைப் பணிவாரியாகப் பிரித்து எடை போட வேண்டுமானால் ஒவ்வொரு பணி முடிந்ததும் தட்டைக் காலி செய்து துடைக்க வேண்டும். மெஷின் கால் மணி நேரம் நின்றாலே 175 ரூபாய் போய்விடும், ஆள் கூலி வேறு. இங்கே எடை போட்டுப் பிரிப்பது வீண்வேலை. இந்த இடத்தில்தான் பலர் "மேற்செலவில் கழித்துவிடுவோம்" என்று முடிவெடுக்கிறார்கள். தொகை உண்மையிலேயே சிறியதாக இருந்தால் அதில் பிழையில்லை.

ஆனாலும் நான் சொல்வது இடைப்பட்ட ஒரு வழி. சுருளை எடை போடாவிட்டாலும் எவ்வளவு கழிந்திருக்கும் என்பது வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும். மொத்த எடையிலிருந்து நிகர எடையைக் கழித்தால் வருவது அதுதான். இந்த எடையில் 95 சதவீதத்தை, நீங்கள் மாதத்துக்கு ஒருமுறை நிர்ணயிக்கும் ஒரு விலையில், ஒவ்வொரு பணிக்கும் வரவு வையுங்கள். எல்லாச் சுருளும் ஒரே தொட்டியில் கிடக்கட்டும். மாத இறுதியில் தொட்டியை விற்கும்போது, பணிகளுக்குக் கொடுத்த மொத்த வரவையும் கைக்கு வந்த தொகையையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் மேற்செலவில் எழுதுங்கள். உதாரணமாக, நாற்பது பணிகளின் வரைபடக் கணக்குப்படி 3,100 கிலோ கழிந்திருக்க வேண்டும். அதில் 95 சதவீதமான 2,945 கிலோவுக்கு 26 ரூபாய் வீதம் 76,570 ரூபாயைப் பணிகளில் வரவு வைத்திருக்கிறீர்கள். உண்மையில் 2,900 கிலோ, 28 ரூபாய்க்கு விற்று 81,200 ரூபாய் வந்தது. கூடுதலாக வந்த 4,630 ரூபாய்தான் மேற்செலவில் போகும். கனமான ஃபிளாஞ்சைக் கடைந்த பணிக்குக் கனமான வரவும், மெல்லிய ஷாஃப்ட்டை இறுதி மெருகு மட்டும் செய்த பணிக்குச் சிறிய வரவும் கிடைத்துவிடுகின்றன. யாரும் தராசைத் தொட வேண்டியதில்லை.

முழுவதையும் நேராக மேற்செலவில் கழிக்க வேண்டியவையும் உண்டு. தேய்ந்த கார்பைடு இன்சர்ட்டுகள், ஒடிந்த டிரில், பழைய பேக்கிங் மரம், இரும்பு டிரம் ஆகியவை வாங்கும்போதே மேற்செலவில் பற்று எழுதப்பட்டவை. விற்ற பணமும் அங்கேயே போகும். இன்சர்ட்டைச் சின்னத் தொகை என்று அலட்சியப்படுத்த வேண்டாம். டங்ஸ்டன் கார்பைடுக்கு நல்ல விலை உண்டு, டப்பாவில் சேர்த்து வைத்து விற்கலாம். மாறாக, பழைய எண்ணெய், கூலண்ட் சேறு ஆகியவை அபாயகரக் கழிவு விதிகளுக்கு உட்பட்டவை. அங்கீகாரம் பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவும் கிடைக்கும் சிறு தொகையும் மேற்செலவிலேயே அடங்கும்.

அடுத்து, எப்போது எழுதுவது என்ற கேள்வி வரும். புஷ் பணி பத்தாம் தேதி முடிந்து பொருள் போய்விடும். தூள் மாதக் கடைசியில்தான் விற்கும். விற்ற பிறகுதான் வரவு என்று காத்திருந்தால், மூடிய பணியை மறுபடி திறக்க வேண்டும். அல்லது, அடுத்த மாதம் ஓடும் வேறொரு பணிக்கு அந்த வரவு போய்விடும். ஆகவே பணி முடியும் அன்றே, எடை போட்ட தூளை அன்றைய நிர்ணய விலையில் ஸ்கிராப் இருப்புக்கு மாற்றிவிடுங்கள். ஸ்கிராப் இருப்புக் கணக்கில் 1,08,910 ரூபாய் பற்று, புஷ் பணியின் நடப்புப் பணிக் கணக்கில் அதே தொகை வரவு. பணி அத்துடன் மூடப்படும்.

மாதக் கடைசியில் பித்தளை விலை இறங்கி, தூள் கிலோ 385 ரூபாய்க்குத்தான் போனது என்று வைத்துக்கொள்வோம். முனை 430க்கே போனது. விற்பனை மதிப்பு 1,05,100 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 18,918 ரூபாய். வாங்கியவர் கணக்கில் 1,24,018 ரூபாய் பற்று. ஸ்கிராப் இருப்பில் 1,05,100 ரூபாயும், செலுத்த வேண்டிய ஜிஎஸ்டியில் 18,918 ரூபாயும் வரவு. இருப்பில் மிஞ்சி நிற்கும் 3,810 ரூபாய், சந்தை விலை இறங்கியதால் வந்த வித்தியாசம். அதை மேற்செலவில் தள்ளிவிடுங்கள். புஷ் பணியைத் திறந்து திருத்தாதீர்கள். அந்தப் பணியில் என்ன நடந்தது என்பதற்கும், இருபது நாள் கழித்து உலோகச் சந்தையில் என்ன நடந்தது என்பதற்கும் உறவில்லை. இந்த வித்தியாசம் மாதாமாதம் ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தால், உங்கள் நிர்ணய விலைதான் தவறு என்று பொருள், அதைத் திருத்துங்கள். நிர்ணய விலையைச் சற்றுக் குறைத்தே வைப்பது நல்லது. ஏற்று கூலி, வண்டி வாடகை, எண்ணெய் ஈரத்துக்காக வியாபாரி பிடிக்கும் எடைக் கழிவு எல்லாம் போக, கைக்கு வரும் நிகரத் தொகையாக அது இருக்க வேண்டும்.

வரிகளைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை போதும். ஜிஎஸ்டியும், வருமான வரிச் சட்டப்படி ஸ்கிராப் விற்பனையில் வசூலிக்கும் டிசிஎஸ்ஸும் உங்கள் வருவாய் அல்ல. பணியில் வரவு வைக்கும் தொகையில் அவை கலக்கக் கூடாது. அதேபோல 2024 அக்டோபர் 10 முதல், பதிவு பெற்றவரிடமிருந்து உலோக ஸ்கிராப் வாங்கும் பதிவு பெற்றவர், ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சம் ரூபாயைத் தாண்டினால் 2 சதவீத ஜிஎஸ்டி டிடிஎஸ் பிடித்துத்தான் கொடுப்பார். வங்கிக்குக் குறைவாக வந்த அந்தத் தொகையைச் சிலர் ஸ்கிராப் விலைக் குறைவு என்று எழுதிவிடுகிறார்கள். அது உங்கள் ஜிஎஸ்டி மின்னணுப் பணப் பேரேட்டுக்குத் திரும்பி வரும் தொகை. செலவு அல்ல.

பணியில் வரவு வைக்கும் முறை, தூள் பிரிந்து கிடந்தால்தான் நிற்கும். பித்தளைப் பணி தொடங்கும் முன் மெஷினின் தட்டிலும் கன்வேயரிலும் பழைய இரும்புச் சுருள் மிச்சமில்லாமல் சுத்தம் செய்ய வேண்டும். வியாபாரி தூள் மூட்டையைப் பிரித்ததும் முதலில் காந்தத்தைத்தான் உள்ளே விட்டு எடுப்பார். காந்தத்தில் இரும்புப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தால், முழு மூட்டைக்கும் விலை இறங்கிவிடும். ஈயம் கலந்த பித்தளையையும் ஈயமில்லாத பித்தளையையும் ஒரே தொட்டியில் கொட்டுவதும் அதே பலனைத்தான் தரும். முடிந்தால் ஒரு மெஷினைப் பித்தளைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். கலப்பினால் வந்த விலைக் குறைவை எந்தப் பணியின் தலையிலும் கட்டாதீர்கள். சந்தை வித்தியாசத்திலிருந்து அதைத் தனியாகப் பிரித்து மேற்செலவில் காட்டினால்தான், ஷாப் ஃப்ளோரில் அதைச் சரிசெய்ய வேண்டிய ஆளுக்கு அது கண்ணில் படும்.

எடையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கூலண்ட் சொட்டச் சொட்ட அள்ளிய தூள், உலர்ந்த தூளை விடக் கனமாக இருக்கும். புஷ் பணியில் கொடுத்த ராடு 560 கிலோ. முடிந்த புஷ், முனை, தூள் மூன்றையும் கூட்டினால் 560ஐத் தாண்டுகிறது என்றால், தூள் நனைந்த நிலையில் எடை போடப்பட்டிருக்கிறது. இரவு முழுவதும் ஓட்டைத் தொட்டியில் வடியவிட்டுக் காலையில் எடை போடுங்கள். எதிர்ப்பக்கமாக, கணக்கில் வராத எடை வழக்கமான ஒன்று இரண்டு சதவீதத்தைத் தாண்டி ஐந்து, ஆறு என்று போனால், தூள் எங்கோ போகிறது, அல்லது ராடு அதிகமாக எழுதப்பட்டிருக்கிறது, அல்லது பித்தளைத் தூள் இரும்புத் தொட்டியில் விழுகிறது. பித்தளை இரும்புத் தொட்டியில் விழுந்தால் கிலோவுக்கு 400 ரூபாய்ப் பொருள் 28 ரூபாய்க்குப் போகும். மேற்செலவில் மொத்தமாக வரவு வைக்கும் ஷாப்பில் இந்த நஷ்டத்தைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. அங்கே எந்த எடையையும் எந்த எடையோடும் ஒப்பிடுவதில்லை. பணிவாரி முறையை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

கெட்டுப்போன பாகங்களை இந்தத் தூளோடு ஒன்றாக நினைக்கக் கூடாது. செட்டிங் போடும்போது இரண்டு மூன்று புஷ் வீணாவது எதிர்பார்த்ததே. அதன் செலவு நல்ல புஷ்களிலும், அதன் ஸ்கிராப் மதிப்பு அதே பணியிலும் போகட்டும். ஆனால் இரவு ஷிஃப்ட்டில் டூல் ஆஃப்செட்டைத் தவறாகக் கொடுத்து 40 புஷ்ஷின் துளை பெரிதாகிவிட்டது என்று வையுங்கள். அது அசாதாரண இழப்பு. அந்த 40 புஷ்ஷுக்கு ஆன 21,863 ரூபாயைப் பணியிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும், அந்த 22.48 கிலோ புஷ்களை விற்று வரும் சுமார் 9,666 ரூபாயும் அந்த இழப்பின் பின்னாலேயே போக வேண்டும். நிகர இழப்பு 12,197 ரூபாய், லாப நட்டக் கணக்கில் நேராக எழுதப்படும். நல்ல புஷ் 460ம், முன்பு போலவே 546 ரூபாய் 58 காசில் நிற்கும். பலர் இழப்பை வெளியே எடுத்துவிட்டு, அதன் ஸ்கிராப் பணத்தை மட்டும் பணியில் வரவு வைத்துவிடுகிறார்கள். அப்போது தவறு நடந்த பணியின் செலவு குறைந்து, தவறு நடக்காத பணியை விட லாபமாகத் தெரியும்.

வாடிக்கையாளர் கொடுத்த பொருளில் வேலை செய்யும்போது, முதலில் ஸ்கிராப் யாருடையது என்று பாருங்கள். சட்டப்படி பொருள் அவருடையது, கழிவும் அவருடையது. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்தால், உங்கள் இடத்திலிருந்தே வரி செலுத்தி அதை விற்க மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 143(5) பிரிவு இடம் தருகிறது. பணம் யாருக்கு என்பதை உங்கள் ஒப்பந்தம்தான் சொல்ல வேண்டும். அவருக்கே திருப்பித் தருவதாக இருந்தால் அது உங்கள் வருவாயும் அல்ல, செலவுக் குறைப்பும் அல்ல. எடைக் கணக்கு மட்டும் வைத்தால் போதும். ஸ்கிராப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, அதற்காகக் கூலியைக் குறைத்திருந்தால், அந்த ஸ்கிராப் உங்கள் கூலியின் ஒரு பகுதி. அப்போது அதை அந்தப் பணியில்தான் வரவு வைக்க வேண்டும். மேற்செலவில் போட்டால், குறைந்த கூலி மட்டும் அந்தப் பணியில் நின்று அது எப்போதும் நஷ்டமாகவே தெரியும்.

இதர வருமானம் என்று எழுதுவதை உங்கள் ஆடிட்டர் மறுப்பதன் காரணம், விற்காமல் இருக்கும் சரக்கில்தான் இருக்கிறது. கணக்கியல் தரம் 2, ஸ்கிராப்பை நிகர விற்பனை மதிப்பில் மதிப்பிட்டு முக்கிய உற்பத்தியின் செலவிலிருந்து கழிக்கும் முறையைச் சொல்கிறது. அசாதாரண விரயத்தைச் சரக்கு மதிப்பில் சேர்க்கக் கூடாது என்றும் சொல்கிறது. மார்ச் 31 அன்று 200 புஷ் கிடங்கில் இருந்தால், ஸ்கிராப்பைக் கழிக்காத மதிப்பில் அது 1,52,880 ரூபாய்; கழித்தால் 1,09,316 ரூபாய். தூளை விற்ற பணத்தை வருமானமாகவும் காட்டி, அதே தூளின் விலையைச் சரக்கு மதிப்பிலும் வைத்திருப்பதால், 43,564 ரூபாய் லாபம் அதிகமாகத் தெரிகிறது. அதற்கு வரியும் இந்த ஆண்டே கட்டுவீர்கள். மேற்செலவில் கழித்தாலும் இந்த மிகை மதிப்பு பெரும்பாலும் அப்படியே நிற்கும். குறைப்பு எல்லாச் சரக்கிலும் பரவிவிடுகிறது.

மாற்றத்தை ஏப்ரல் 1ல் தொடங்குங்கள். மார்ச் 31 அன்று முற்றத்தில் கிடக்கும் தூளையும் சுருளையும் முனையையும் உலோக வாரியாக எடை போட்டு, அன்றைய நிகர விலையில் ஸ்கிராப் இருப்பாகக் கொண்டுவாருங்கள். அன்று நடப்பில் உள்ள பித்தளைப் பணிகளுக்கு, அதுவரை கழிந்த எடைக்கான வரவை அந்தந்தப் பணியிலேயே எழுதுங்கள். மூடிவிட்ட பணிகளைத் தொட வேண்டாம். ஆனால் அவற்றிலிருந்து விற்காமல் கிடங்கில் இருக்கும் சரக்கின் மதிப்பிலிருந்து, மொத்த எடைக்கும் நிகர எடைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு ஸ்கிராப் மதிப்பைக் கழித்துவிடுங்கள். அந்தத் திருத்தத் தொகையை எந்த ஆண்டில், எந்தத் தலைப்பில் காட்டுவது என்பதை இறுதிக் கணக்கு மூடும் முன் ஆடிட்டரிடம் பேசி முடிவெடுங்கள். பேரேட்டில் 'ஸ்கிராப் இருப்பு: பித்தளை', 'ஸ்கிராப் இருப்பு: இரும்பு', 'ஸ்கிராப் விலை வித்தியாசம்' என்ற மூன்று கணக்குகள் போதும், 'இதர வருமானம்' தலைப்பில் ஸ்கிராப் என்ற வரியை அன்றே நீக்கிவிடுங்கள்.